மாமாவின் கடையில் வேலை, மாமாவிடமே லீவு: முறைப்படி விடுமுறை கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற மலையக நகரங்களின் கடைகளில், முதலாளியின் தங்கை மகனோ அண்ணன் மகளோ கணக்குப் பார்ப்பது வழமையான ஒன்று. சம்பளம், வரவுப் பதிவு, ஊழியர் சேமலாப நிதி எல்லாம் ஒழுங்காக நடக்கும் கடையிலும் லீவு மட்டும் வாய்ச்சொல்லில் நடந்துவிடுகிறது. பிறகு மாத முடிவில் "நீ எத்தனை நாள் வரவில்லை?" என்ற கேள்வி எழும்போது, அது கடைப் பிரச்சினையாக இருக்காமல் குடும்பப் பிரச்சினையாகிவிடுகிறது.

உறவினரான முதலாளியிடம் எழுத்து மூலம், முறை குறையாமல், உறவும் கெடாமல் லீவு எடுப்பதற்கான படிகளை அவற்றின் வரிசையிலேயே இங்கே தந்திருக்கிறேன். லீவுக் கடிதங்களை வாங்கிப் பதியும் மேசையில் இருந்து பார்த்தவரையில், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கடிதத்தின் சொற்களில் அல்ல, வரிசையில்தான்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டனில் தாய்மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கும் ஒருவருடைய மனைவியின் தங்கைக்கு 2026 செப்டெம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் கல்யாணம். அவருடைய வாராந்த விடுமுறை திங்கள் முழு நாளும் வியாழன் பிற்பகலும். கல்யாணத்துக்கு மாமா குடும்பத்துக்கும் அழைப்பு உண்டு என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

1. கேட்பதற்கு முன் நாட்களை எண்ணுங்கள்

கையில் எத்தனை நாள் மிச்சம் என்று தெரியாமல் கேட்பவர், முடிவை முழுவதுமாக மாமாவின் மனநிலையிடம் ஒப்படைத்துவிடுகிறார். ஆகவே முதல் வேலை லீவுப் பதிவேட்டைப் பார்ப்பது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவருக்கு, ஓராண்டு வேலையைத் தொடர்ந்து வரும் வருடாந்த விடுமுறை 14 நாட்கள். சொந்த அலுவல், சுகவீனம் போன்ற காரணங்களுக்கான அமய விடுமுறை, அதாவது நாம் கெசுவல் லீவு என்பது, ஆண்டுக்கு 7 நாட்கள். முதல் ஆண்டில் இந்தக் கெசுவல், நிறைவான இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் சேரும். வேலைக்குச் சேர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் கிடைக்கும் வருடாந்த விடுமுறை, சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாட்கள், ஜூன் முடிவுக்குள் என்றால் 10, செப்டெம்பர் முடிவுக்குள் என்றால் 7, அதற்குப் பிறகு என்றால் 4.

எந்தக் கணக்கில் கேட்பது என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். கல்யாணம் முன்கூட்டியே தெரிந்த காரணம், அதனால் அது வருடாந்த விடுமுறையில் போக வேண்டும். கெசுவலை இதற்குச் செலவழித்துவிட்டால், திடீரென்று ஒரு மரண வீடு வரும்போதோ பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதோ கையில் ஒன்றும் இருக்காது.

நம் உதாரணத்தில் செப்டெம்பர் 4 வெள்ளி முதல் 8 செவ்வாய் வரை அவர் கடையில் இருக்கமாட்டார். நாள் ஐந்து என்றாலும் 7ஆம் திகதி திங்கள் அவருடைய வாராந்த விடுமுறை, ஆகவே கழிக்கப்பட வேண்டியது நான்கு நாட்கள். இந்த ஆண்டில் ஏற்கனவே 3 நாட்கள் எடுத்திருக்கிறார் என்றால் மிச்சம் 11, இந்த லீவுக்குப் பிறகு 7. இந்தக் கணக்கை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு வேண்டும்.

பலர் தவறவிடும் ஒன்று தீபாவளி. கடை ஊழியர்களுக்குச் சட்டப்படி உரிய சம்பள விடுமுறைகளில் தைப்பொங்கல் உண்டு, தீபாவளி இல்லை. அது அரச, வங்கி விடுமுறை மட்டுமே. நம்மவர் கடைகள் அன்று எப்படியும் மூடியே இருக்கும், ஆனால் அந்த நாளை முதலாளி கொடையாகத் தந்தாரா, லீவில் கழித்தாரா என்பது பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஆண்டு முடிவில் "ஒரு நாள் எங்கே போனது?" என்று வரும் தகராறு பெரும்பாலும் இதுதான்.

2. கடையின் நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள்

மலையகக் கடையின் மாதம் தோட்டச் சம்பளத்தைச் சுற்றியே ஓடுகிறது. மாதம் முடிந்து 10ஆம் திகதிக்குள் சம்பளம் கைக்கு வரும், அதையடுத்த சில நாட்களில் கடன் கொப்பியில் நிற்பவர்கள் வந்து கட்டுவார்கள், கூரைத்தகடும் சீமெந்தும் அப்போதுதான் நகரும். அந்த நாட்களில் கணக்குப் பார்ப்பவர் இல்லாமல் கடை தடுமாறும்.

ஆகவே லீவின் கடைசி நாள் 8ஆம் திகதியாக இருப்பது தற்செயலாக இருக்கக் கூடாது. 9ஆம் திகதி புதன்கிழமை காலை கடையில் நிற்பேன் என்பதைக் கடிதத்திலேயே காட்டினால், முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்விக்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிடுகிறது. கல்யாணம் 13ஆம் திகதி விழுந்திருந்தால் நாட்களை முடிந்தளவு சுருக்கி, வெள்ளி பின்னேரம் கிளம்பித் திங்கள் இரவு திரும்புவது போல் அமைத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாமாவும் அதே கல்யாணத்துக்குப் போகிறாரா? போகிறார் என்றால் அன்று கடை மூடப்படுமா, யாராவது திறப்பார்களா? முழுக் கடையையும் முதலாளி மூடுகிறார் என்றால் அந்த நாளை உங்கள் லீவில் எழுதுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களே ஒரு முடிவுக்கு வந்து விட்டுவிடாதீர்கள். கடிதத்தில் அந்த நாளையும் சேர்த்தே கேளுங்கள், கழிக்க வேண்டாம் என்றால் அவர் வெட்டி எழுதுவார். கேட்காத நாளைப் பிறகு சேர்ப்பதைவிடக் கேட்ட நாளை வெட்டுவது எளிது.

3. பதிலாளை முதலில் பேசி முடியுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன், நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையைப் பார்ப்பவர் யார் என்பது தீர்ந்திருக்க வேண்டும். முதலாளியிடம் போய் "யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மாமா" என்பது, லீவு கேட்பதோடு ஒரு வேலையையும் அவர் தலையில் வைப்பதாகும்.

பதிலாள் உறவினர் அல்லாத சக ஊழியராக இருந்தால் பேச்சில் கூடுதல் கவனம் வேண்டும். முதலாளியின் மருமகன் கேட்கும்போது மறுப்பது அவருக்குச் சுலபமல்ல, ஆகவே அவருடைய சம்மதம் உண்மையான சம்மதமா என்று பாருங்கள். அவருக்கு அந்த வாரத்தில் சொந்த அலுவல் எதுவும் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் திகதிகளைச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் லீவில் போகும்போது நீங்கள் நிற்பதாகச் சொல்லி, அப்படியே நில்லுங்கள். சொந்தக்காரனுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு ஒரு நீதி என்ற முணுமுணுப்பு கடையில் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

4. வீட்டுக்குச் செய்தி போவதற்கு முன் கடைக்குப் போக வேண்டும்

இந்தப் படியை அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். கல்யாணத் திகதி முடிவானதும் அம்மாவிடம் சொல்கிறோம், அம்மா மாமியிடம் சொல்கிறார், மாமி இராச் சாப்பாட்டின்போது மாமாவிடம் "அவன் அஞ்சு நாள் போறானாமே" என்கிறார். கடிதம் மறுநாள் மேசைக்கு வரும்போது மாமாவுக்கு அது வேண்டுகோளாகத் தெரிவதில்லை, ஏற்கனவே எடுத்த முடிவை அறிவிப்பதாகத் தெரிகிறது. அதன் பிறகு சொற்களை எவ்வளவு பணிவாக எழுதினாலும் பயன் குறைவு.

திகதி முடிவானதும் வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம், எத்தனை நாள் போகிறேன் என்பதை மட்டும் பேசாதிருங்கள். மனைவியிடமும் இதைச் சொல்லி வையுங்கள், பெண் வீட்டார் தொலைபேசியில் முதலில் கேட்பது "எப்ப வாறீங்க?" என்பதைத்தான்.

அழைப்பும் லீவும் வேறு வேறு. வெற்றிலைத் தட்டோடு வந்து மாமா வீட்டில் அழைப்பு வைக்கும் நேரத்தில் "அப்படியே எனக்கும் லீவு வேணும் மாமா" என்று நுழைக்கக் கூடாது. சம்பந்திகள் முன்னிலையில் அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதத்தை அவர் கடைக்கு வந்ததும் சம்மதமாக எண்ணமாட்டார். முடிந்தால் பெண் வீட்டார் அழைக்க வருவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

5. கடிதத்தை எழுதுதல்

கடிதம் உறவை நோக்கி எழுதப்படுவதல்ல, பொறுப்பை நோக்கி எழுதப்படுவது. "அன்புள்ள மாமா" என்று தொடங்கிய கடிதத்தைக் கோப்பில் போட முடியாது. நாளை கணக்காய்வாளரோ தொழில் திணைக்கள உத்தியோகத்தரோ பதிவேட்டைப் பார்த்தால் அது வீட்டுக் கடிதமாகத்தான் தெரியும். பேசும்போது மாமா என்றே அழையுங்கள், அதை மாற்றினால்தான் அவர் மனம் நோகும். தாளில் மட்டும் அவர் உரிமையாளர்.

மாதிரி:

(பெயர், பதவி)
ஹட்டன்
2026.08.14

உரிமையாளர் அவர்கள்,
(கடையின் பெயர்),
ஹட்டன்.

ஐயா,

வருடாந்த விடுமுறை கோரல்: 2026.09.04 – 2026.09.08

எனது மனைவியின் சகோதரியின் திருமணம் 2026.09.06 அன்று வவுனியாவில் நடைபெறவுள்ளதால், செப்டெம்பர் 4, 5, 6, 8 ஆகிய நான்கு நாட்களுக்கு எனக்கு வருடாந்த விடுமுறை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 7ஆம் திகதி எனது வாராந்த விடுமுறை நாளாகும்.

இவ்வாண்டில் நான் 3 நாட்கள் வருடாந்த விடுமுறை பெற்றுள்ளேன். இவ்விடுமுறையின் பின் 7 நாட்கள் எஞ்சியிருக்கும்.

எனது கடமைகளைக் கவனிக்க (பதிலாளின் பெயர்) இணங்கியுள்ளார். அந்நாட்களில் செலுத்தப்பட வேண்டிய காசோலைகளின் விபரத்தை 3ஆம் திகதிக்கு முன் தங்களிடம் ஒப்படைப்பேன். 9ஆம் திகதி காலை வேலைக்குத் திரும்புவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)

காரணம் ஒரே வரியில் முடிவதைக் கவனியுங்கள். மாமாவுக்குக் கல்யாணம் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். விளக்கம் நீள நீள அது கெஞ்சலாகத் தோன்றும். "தாங்கள் அறிந்ததே", "நம் குடும்பத்து விசேடம் என்பதால்" என்ற சொற்களையும் தவிருங்கள், அவை உறவைக் காட்டி நெருக்குபவை.

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். கல்யாணச் செலவுக்கு முற்பணம் வேண்டும் என்றால் அதை வேறு நாளில், வேறு தாளில் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் முற்பணத்தை மறுக்க நினைக்கும் முதலாளி லீவையும் சேர்த்தே தள்ளிப்போடுவார். சட்டத்தின் இலக்கத்தையும் கடிதத்தில் எழுத வேண்டாம். 14 நாள் கணக்கு உங்களுக்குத் தெரியும் என்பதை எஞ்சிய நாட்களின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

6. கொடுக்கும் நாளும் நேரமும்

லீவு தொடங்குவதற்கு மூன்று வாரத்துக்குக் குறையாமல் கொடுப்பது நல்லது. கொடுக்கும் நாள் சம்பள நெருக்கடிக்கு வெளியே, அதாவது 10க்குப் பிந்திய கூட்டம் தணிந்து, 25ஐ ஒட்டிய அட்வான்ஸ் நாட்களுக்கு முன்னே விழுந்தால் இன்னும் நல்லது. மாதிரிக் கடிதத்தில் உள்ள ஆகஸ்ட் 14 அப்படித் தெரிந்தெடுத்தது.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. காலையில் லொறி இறங்கும் நேரம் ஆகாது. மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணும் நேரம் அதைவிட ஆகாது, பணத்தை எண்ணும்போது குறுக்கிட்டால் எண்ணிக்கை தப்பும், எரிச்சல் உங்கள் கடிதத்தின் மேல் விழும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், மழையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நேரம் ஒன்று ஹட்டனில் பெரும்பாலும் கிடைக்கும்.

மற்ற ஊழியர்கள் காதுபட நின்று கேட்காதீர்கள், மறைத்தும் கேட்காதீர்கள். மேசைக்குப் போய், இரண்டு கையாலும் கொடுத்து, "மாமா, அடுத்த மாத லீவுக்கு ஒரு கடிதம் வச்சிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். முன்னால் நின்று பதிலுக்குக் காத்திருந்தால் அவர் உடனே முடிவு சொல்ல வேண்டிய நிலைக்கு வருவார், அவசரத்தில் சொல்லும் முடிவு பெரும்பாலும் "பார்க்கலாம்" என்பதுதான். வாட்ஸ்அப் குரல் பதிவு கடிதத்துக்கு ஈடாகாது, அதைக் கோப்பில் போட வழியில்லை.

7. "சரி சரி, போயிட்டு வா" என்பது அனுமதி அல்ல

அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தைதான் பின்னாளில் அதிகத் தொல்லை தருகிறது. சொன்னவர் இரண்டு நாள் என்று நினைத்திருப்பார், கேட்டவர் ஐந்து நாள் என்று நினைத்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

கடிதத்தில் இரண்டு பிரதி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, "பதிவேட்டில் எழுதணும் மாமா, இதில் ஒரு கையெழுத்து வேணும்" என்று கேளுங்கள். நம்பிக்கையில்லாமல் கேட்பதாகத் தோன்றாதிருக்க, பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தோடு கொண்டுபோவது உதவும். அனுமதி, திகதி, கையொப்பம் மூன்றும் விழுந்த பிரதி கோப்புக்கு, மற்றது உங்களுக்கு. எழுத்து இல்லாவிட்டால், சம்பளம் போடும் நாளில் வராத நாட்கள் சம்பளமற்ற நாட்களாகப் பதியப்படலாம். அப்போது சம்பளம் மட்டுமல்ல, அதன் மேல் கணிக்கப்படும் சேமலாப நிதிப் பணமும் குறையும்.

மறுத்தால் என்ன செய்வது? முதலில், மறுப்பு நாட்களுக்கா லீவுக்கா என்று பாருங்கள். "அஞ்சு நாள் முடியாது" என்றால் எந்த நாளை விட முடியும் என்று கேட்டு, திருத்திய கடிதத்தைக் கொடுங்கள். நம் உதாரணத்தில் விடக்கூடியது வெள்ளிக்கிழமை. மாலை கடையை முடித்துக்கொண்டு கண்டி போய், அங்கிருந்து வவுனியாவுக்குப் போகலாம். செவ்வாயை விட்டால் திரும்பும் பயணத்துக்கு இடம் இல்லாமல் போகும். மறுப்பை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். அக்கா சொல்லித் தம்பி இணங்கினால் லீவு கிடைக்கும், ஆனால் அடுத்த முறை உங்கள் கடிதத்தை அவர் கடிதமாகப் படிக்கமாட்டார்.

8. ஒப்படைப்பு

ஹார்ட்வெயார் வியாபாரம் பின்திகதியிட்ட காசோலைகளில் நடக்கிறது. கொழும்பிலிருந்து சரக்குத் தந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த காசோலை எந்த நாளில் வங்கிக்கு வரும் என்பதைத் தலையில் வைத்திருப்பவர் நீங்கள் மட்டும் என்றால், நீங்கள் இல்லாத நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ஒரு காசோலை திரும்பலாம். அதன்பின் கடைக்குக் கடன் தரும் வழி இறுகும், உங்கள் லீவு ஆண்டுக்கணக்கில் பேசப்படும்.

ஆகவே ஒரு தாளில் திகதி, பெறுபவர், தொகை, எந்த வங்கி என்று எழுதுங்கள். செப்டெம்பர் 4 வெள்ளிக்கும் 7 திங்களுக்கும் 8 செவ்வாய்க்கும் உரியவை தனித்தனியே இருக்கட்டும். 5, 6ஆம் திகதிகள் சனி, ஞாயிறு என்பதால் அந்நாட்களின் திகதியிட்ட காசோலைகளும் திங்களன்றே வந்து குவியும், அவற்றையும் திங்கள் வரியில் கூட்டி எழுதுங்கள். வெள்ளி மாலைக்குள் எவ்வளவு வைப்பில் இருக்க வேண்டும் என்ற மொத்தத்தை அடியில் எழுதி, தாளை முதலாளியின் கையில் கொடுங்கள்.

கடன் கொப்பி, ஸ்டோர் சாவி ஆகியவற்றைப் பதிலாளிடம் முதலாளி பார்க்க ஒப்படைக்க வேண்டும். கொப்பியில் கடைசி வரியின் கீழ் கோடு இழுத்து, திகதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். திரும்பி வந்த பின் வித்தியாசம் ஏதும் தெரிந்தால், அது கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்தால் போதும், யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

9. பயணம் தடைப்பட்டால்

தென்மேற்குப் பருவமழை நாட்களில் ஹட்டனுக்கு வரும் பாதைகளில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது புதிதல்ல, செப்டெம்பரிலும் அது நடக்கலாம். 8ஆம் திகதி செவ்வாயை லீவில் சேர்த்ததே இதற்காகத்தான்.

அதையும் தாண்டித் தாமதமானால், கடை திறக்கும் முன் கடைத் தொலைபேசிக்கு அழைத்துச் சொல்லுங்கள். மாமியின் கைத்தொலைபேசிக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், செய்தி கடைக்கு மதியத்துக்குப் பின்தான் வரும். எங்கே நிற்கிறீர்கள், எப்போது வர முடியும் என்ற இரண்டைச் சொன்னால் போதும்.

திரும்பிய அன்று, அந்தக் கூடுதல் நாளுக்குக் கெசுவல் லீவு கேட்டுத் தனியாக ஒரு வரிக் கடிதம் கொடுங்கள். மாமாவும் அதே பஸ்ஸில் சிக்கி உங்களோடுதான் திரும்பினார் என்றாலும் கடிதம் வேண்டும். பிறகு பதிவேட்டில் எடுத்த நாட்களையும் மிச்சத்தையும் எழுதி, சாவியையும் கொப்பியையும் கையெழுத்திட்டுத் திரும்ப வாங்கி, காசோலைத் தாளில் தீர்ந்தவற்றை ஒவ்வொன்றாக வெட்டிய பின் பலகாரப் பையைத் திறக்கலாம்.